சிங்கிள் ஏ ரேட்டிங், 10.75% வட்டி, மாதாமாதம் பணம்: ஓய்வுபெற்றவர் வாங்கலாமா?

பெரம்பூர் கலா

வணக்கம். வயது 62. ரயில்வேயில் இருந்து ஓய்வு. சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 30 லட்சம் உச்சவரம்பு வரை போட்டாயிற்று. மீதி 8 லட்சம் பேங்கில் எஃப்.டி.யாக இருக்கிறது, 6.75 சதவீதம். அடுத்த மாதம் முதிர்கிறது.

என் அண்ணன் மகன் ஒரு ஆன்லைன் பாண்டு தளத்தில் ஒரு பத்திரம் காட்டினான். மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனியின் என்.சி.டி., அதாவது கம்பெனி நம்மிடம் கடன் வாங்கிக் கொடுக்கும் பத்திரம், 2 வருடம், 10.75 சதவீதம், வட்டி மாதாமாதம். செக்யூர்டு என்று போட்டிருக்கிறது. ரேட்டிங் சிங்கிள் ஏ, ஸ்டேபிள். "ஏ கிரேடு அத்தை, யோசிக்காதே" என்கிறான். 8 லட்சத்தையும் போட்டால் மாதம் 7,000 ரூபாய்க்கு மேல் வரும். பேங்கில் 4,500 தான் வருகிறது. இந்த வித்தியாசம் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

குரோம்பேட்டை மணி

மேடம், ரேட்டிங் நல்லா இருந்தா எங்கே வேணும்னாலும் வட்டி சலுகை கிடைக்கும். என் சிபில் ஸ்கோர் 790. வீட்டுக்கடனில் கால் சதவீதம் குறைத்தார்கள். உங்கள் ஸ்கோரை முதலில் பாருங்கள்.

அண்ணா நகர் பாலா

மணி சார், அது கடன் வாங்குபவருக்கு உள்ள ஸ்கோர். இங்கே கடன் கொடுப்பது கலா மேடம். கம்பெனிக்குத்தான் ரேட்டிங்.

மேடம், பயப்படாதீர்கள். ரேட்டிங் ஏஜென்சிகள் எல்லாம் செபியின் கீழ் இருப்பவை. சிங்கிள் ஏ வாங்கிய கம்பெனிகளில் பணம் தராமல் போனவை மிகக் குறைவு, அந்தக் கணக்கை அவர்களே வெளியிடுகிறார்கள். மேலே செக்யூர்டு வேறு. ஏதாவது ஆனால் சொத்தை விற்று நமக்குத் தருவார்கள். நான் இதுபோல நாலைந்து பத்திரம் வைத்திருக்கிறேன், ஒரு மாதம்கூட வட்டி தவறவில்லை.

திருவான்மியூர் சேகர்

பேங்க் டிரெஷரியில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலா சொல்வதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த சிங்கிள் ஏ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உச்சியில் டிரிபிள் ஏ. அதற்குக் கீழே டபுள் ஏ பிளஸ், டபுள் ஏ, டபுள் ஏ மைனஸ், சிங்கிள் ஏ பிளஸ். அப்புறம்தான் சிங்கிள் ஏ. ஆறாவது படி. இன்னும் நாலு படி இறங்கினால் டிரிபிள் பி மைனஸ். முதலீட்டுக்கு உகந்தது என்று சொல்லும் வரிசை அதோடு முடிகிறது. ஆக, பத்தில் ஆறாவது. மோசம் இல்லை, ஆனால் அண்ணன் மகன் நினைக்கும் இடமும் இல்லை.

இரண்டாவது, ரேட்டிங் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: வட்டியும் அசலும் சொன்ன தேதியில் வருமா? நம் நாட்டில் ஒரு நாள் தாமதமானாலும், ஒரு ரூபாய் குறைந்தாலும் ரேட்டிங் டி-க்குப் போய்விடும். அந்த அளவுக்குக் கறாரானது. ஆனால் டி ஆன பிறகு எவ்வளவு திரும்ப வரும், எப்போது வரும், நடுவில் விற்க முடியுமா, இந்த வட்டி நியாயமானதா என்ற எதற்கும் அந்த எழுத்தில் பதில் கிடையாது.

வித்தியாசம் ஏன் என்று கேட்டீர்கள். 10.75-க்கும் 6.75-க்கும் இடையே 4 சதவீதம். லட்ச ரூபாய்க்கு ஒரு வருடக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். எஃப்.டி. முடிவில் 1,06,750. பாண்டு ஒழுங்காக நடந்தால் 1,10,750. கம்பெனி கவிழ்ந்து 30,000 மட்டும் திரும்பியது என்று வையுங்கள். அப்போது வரவேண்டிய 1,10,750-ஐவிட 80,750 குறைவு. நன்றாக நடந்தால் உங்களுக்கு மிச்சம் 4,000. 4,000-த்தை 80,750-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5 சதவீதம். அதாவது இதுபோன்ற 20 பத்திரங்களில் வருடத்துக்கு ஒன்று கவிழ்ந்தால், அந்த 4 சதவீதமும் கரைந்து நீங்கள் எஃப்.டி. போட்டவருக்குச் சமமாகிவிடுவீர்கள்.

அண்ணா நகர் பாலா

சார், நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள். சிங்கிள் ஏ-யில் வருடத்துக்கு 20-க்கு ஒன்று எங்கே கவிழ்கிறது? ஏஜென்சி அட்டவணைகளில் அதைவிட மிகக் குறைவு. அப்படியென்றால் வட்டி தேவைக்கு அதிகமாகவே கிடைக்கிறது.

திருவான்மியூர் சேகர்

அட்டவணையைச் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஆனால் அது நூற்றுக்கணக்கான கம்பெனிகளின் சராசரி. கலா அம்மா வாங்கப்போவது ஒன்று. 8 லட்சத்தையும் ஒரே பத்திரத்தில் போட்டால், இரண்டு வருடத்தில் கூடுதலாகக் கிடைப்பது 64,000. தவறினால் அதே 30 சதவீத மீட்புக் கணக்கில் போவது 5,60,000. 50 பத்திரம் வைத்திருக்கும் ஃபண்டுக்கு இந்த இரண்டும் சேர்ந்து சராசரியாகும். ஒன்று மட்டும் வைத்திருப்பவருக்குச் சராசரி என்று எதுவும் கிடையாது. 64,000 அல்லது மைனஸ் 5,60,000.

அப்புறம், அந்த 4 சதவீதம் முழுவதும் கவிழும் ஆபத்துக்கான கூலி அல்ல. ஒரு பங்கு, அவசரத்துக்கு விற்க முடியாது என்பதற்கு. இன்னொரு பங்கு, கெட்ட காலம் வந்தால் இவை எல்லாம் சேர்ந்தே விழும் என்பதற்கு. மைக்ரோஃபைனான்ஸில் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2010 அக்டோபரில் ஆந்திராவில் இந்தக் கடன் வசூலைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் வந்ததும் அந்த மாநிலத்தில் வசூல் அப்படியே படுத்துவிட்டது. நன்றாக நடந்த கம்பெனி, சுமாரான கம்பெனி என்ற பேதம் இல்லை. பாலா, உங்கள் நாலைந்தும் இதே தொழிலில் இருக்கும் கம்பெனிகள் என்றால், இந்தக் கணக்கில் அவை ஐந்து ஆகாது. ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ.எம்.ஆர். விக்னேஷ்

சேகர் சார், நான் 30 சதவீத வரிப் படியில் இருக்கிறேன். உங்கள் 20-க்கு 1 கணக்கு எனக்கு மாறுமா?

திருவான்மியூர் சேகர்

மாறும் தம்பி, உங்களுக்கு எதிராக. செஸ் சேர்த்து 31.2 சதவீதம். கூடுதல் 4,000 வரிக்குப் பிறகு 2,752 ஆகிறது. வட்டிக்கு முழு வரி கட்டுகிறீர்கள். ஆனால் அசல் போனால் அந்த நஷ்டத்தைச் சம்பளத்திலோ வட்டி வருமானத்திலோ கழிக்க முடியாது. அதனால் உங்களுக்கு எல்லைக்கோடு சுமார் 28-க்கு 1. உங்கள் வட்டியில் பங்கு கேட்கும் அரசு உங்கள் நஷ்டத்தில் பங்கு கேட்காது. கலா அம்மாவுக்கு வரியே வராது என்றால் பழைய கணக்கு போதும்.

மேற்கு மாம்பலம் ஜெயந்தி

என் கதை வேறு மாதிரி. நான் வாங்கிய பத்திரம் கவிழவே இல்லை, வட்டி ஒழுங்காக வந்தது. மகள் கல்யாணத்துக்கு மண்டபம் அட்வான்ஸ் கட்ட வேண்டியிருந்தது, முதிர்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கி. டீமேட்டில் விற்பனைக்குப் போட்டேன். வாங்க ஆளே இல்லை. எனக்கு விற்ற தளத்தையே கேட்டால், "தற்போது பை-பேக் இல்லை" என்று ஒரு மெயில். இன்னொரு புரோக்கர் லட்சத்துக்கு 95,500 தருகிறேன் என்றார். அந்தக் கம்பெனியின் மேல் ஒரு புகாரும் இல்லை, ரேட்டிங்கும் அப்படியே இருந்தது. கடைசியில் நகையை வைத்துத்தான் மண்டபத்துக்குக் கட்டினோம். கலா அக்கா, மாத வட்டியைப் பார்க்கும்போது இதையும் பாருங்கள்.

பெரம்பூர் கலா

எல்லோருக்கும் நன்றி. எனக்கு அந்த செக்யூர்டு விஷயம் இன்னும் தெளியவில்லை. சொத்து அடமானம் இருக்கும்போது 30 சதவீதம்தான் திரும்பும் என்று ஏன் வைக்கிறீர்கள்?

திருவான்மியூர் சேகர்

30 என்பது என் அனுமானம், 60 என்று வைத்தும் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அடமானம் என்றவுடன் நிலமோ கட்டடமோ என்று நினைக்காதீர்கள். மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனியின் சொத்து, ஊரில் மகளிர் குழுக்கள் கட்ட வேண்டிய பாக்கித் தொகைகள். உங்களுக்கு அடமானமாக இருப்பதும் அந்தப் பாக்கிதான். கம்பெனி நடக்கும்வரை வாராவாரம் ஆள் போய் வசூலிப்பார். கம்பெனி நின்றால் வசூலிக்கப் போவதற்கு ஆள் யார்? அந்தக் கடன்களுக்கே ஈடு ஏதும் கிடையாது. நகைக்கடன் கம்பெனியின் பத்திரம் என்றால் கதை கொஞ்சம் வேறு, லாக்கரில் தங்கம் இருக்கும்.

ஈடு நன்றாக இருந்தாலும் காலம் பிடிக்கும். டி.எச்.எஃப்.எல். வீட்டுக்கடன் கம்பெனி, என்.சி.டி.க்கள் செக்யூர்டு. 2016-ல் பொதுமக்களுக்கு விற்றபோது டிரிபிள் ஏ. 2019 ஜூனில் வட்டி தவறி டி ஆனது. பிரமல் குழுமம் எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தது 2021 செப்டம்பர் கடைசியில். இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருப்பு. அப்போதும் முழு அசல் வரவில்லை, வந்ததில் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி 6.75 சதவீதத்தில் பத்து வருடப் புதுப் பத்திரம். வயதானவர்களுக்குப் பத்து வருடப் பத்திரம்!

அதில் நான் மறக்காத நாள் வேறு. 2018 செப்டம்பர் 21. ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற பெரிய நிதி நிறுவனம் அப்போதுதான் கவிழ்ந்திருந்தது. அன்று ஒரு மியூச்சுவல் ஃபண்ட், தன்னிடம் இருந்த டி.எச்.எஃப்.எல். குறுகிய காலப் பத்திரத்தை 11 சதவீத ஈல்டுக்கு, அதாவது வாங்குபவருக்கு வருடம் 11 சதவீதம் கிடைக்கும்படி விலையைக் குறைத்து, தள்ளிவிட்டது என்ற செய்தி வந்தது. பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அன்றும் நீண்டகாலப் பத்திரங்கள் டிரிபிள் ஏ தான். முதல் படி இறங்கியது 2019 பிப்ரவரியில். நாலரை மாதம் எழுத்து ஒன்று சொன்னது, சந்தை வேறொன்று சொன்னது. அதனால்தான் நான் எழுத்தோடு நிறுத்துவதில்லை, அதே பத்திரத்தைப் பெரியவர்கள் என்ன ஈல்டுக்குக் கைமாற்றுகிறார்கள் என்று பார்ப்பேன்.

நீங்களும் பார்க்கலாம். தளத்தில் INE என்று தொடங்கும் 12 எழுத்து ஐசின் எண் இருக்கும். அதை indiabondinfo.nsdl.com-ல் போட்டால் பத்திரத்தின் விவரமும் ரேட்டிங்கும் வரும். என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களில் கார்ப்பரேட் பாண்டு வர்த்தகப் பட்டியலில் அதே எண்ணைத் தேடினால் கடைசியாக நடந்த வியாபாரம் தெரியும். அப்புறம் ரேட்டிங் ஏஜென்சியின் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டு, ரேட்டிங் விளக்க அறிக்கையைத் திறந்து முழுவதும் படியுங்கள். ஆறேழு பக்கம்தான். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று சொல்லும் லிக்விடிட்டி பத்தியையும், எதனால் ரேட்டிங் இறங்கும் என்று சொல்லும் பத்தியையும் இரண்டு தடவை படியுங்கள்.

பெரம்பூர் கலா

அண்ணன் மகனை உட்கார வைத்து எல்லாம் பார்த்தோம்.

கடைசி வியாபாரம் மூன்று வாரம் முன்பு, ஒரு கோடி ரூபாய்க்கு, ஈல்டு 12.4 என்று இருக்கிறது. ரேட்டிங் அறிக்கை ஒன்பது மாதப் பழசு. அதில் லிக்விடிட்டி போதுமானது என்று இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு வரி: வாராக்கடன் கூடியதால் சில கடன் ஒப்பந்தங்களின் நிபந்தனைகள் மீறப்பட்டுள்ளன, கடன் கொடுத்தவர்களிடம் விலக்குக் கேட்கப்பட்டுள்ளது, சிலர் கொடுத்துவிட்டார்கள். இதற்கு என்ன அர்த்தம்?

அண்ணா நகர் பாலா

பார்த்தீர்களா, சந்தையில் 12.4, தளத்தில் 10.75. தளம் நடுவில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் அடிக்கிறது!

ஓ.எம்.ஆர். விக்னேஷ்

ஒரு நிமிடம். 10.75 என்பது கூப்பன், மாதாமாதம் வருவது. வருட ஈல்டாக மாற்றினால் 11.3 வரும். 12.4-உடன் ஒப்பிட வேண்டியது அதை. வித்தியாசம் 1.1 தான்.

திருவான்மியூர் சேகர்

விக்னேஷ் சொல்வது சரி. ஆனாலும் அந்த 1.1 சும்மா போவதில்லை. இரண்டு வருடப் பத்திரத்தில் அது லட்சத்துக்குச் சுமார் 1,800 ரூபாய். ஒரு கோடிக்கு வாங்கியவர் 98,200 கொடுத்ததை உங்களிடம் 1,00,000-க்குக் கொடுக்கிறார்கள். 8 லட்சத்துக்கு 14,400. இதில் எவ்வளவு தளத்தின் லாபம், எவ்வளவு மூன்று வாரத்தில் சந்தை மாறியது என்று பிரிக்க முடியாது. ஒரே ஒரு வியாபாரம் நடந்திருக்கிறது, அதை வைத்துக் கம்பெனியைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் 12.4 என்பது, இந்தப் பத்திரத்தை வாங்கியவர் ஓரிரு படி கீழே இருப்பதாகவே எண்ணி விலை பேசியிருக்கிறார் என்று காட்டுகிறது.

எனக்கு உறுத்துவது அந்த நிபந்தனை வரிதான். இதுபோன்ற கம்பெனிகளுக்கு முப்பது நாற்பது இடங்களில் கடன் இருக்கும். ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வாராக்கடன் இவ்வளவு சதவீதம் தாண்டக் கூடாது, ரேட்டிங் இத்தனை படிக்குக் கீழே போகக் கூடாது என்று இருக்கும். மீறினால் கடன் கொடுத்தவர் பணத்தை உடனே திருப்பிக் கேட்கலாம். ஒருவர் கேட்டால் மற்றவர்களும் கேட்கலாம் என்ற ஷரத்தும் பலவற்றில் உண்டு. கையில் மூன்று மாதத் தவணைக்குப் பணம் இருக்கும் கம்பெனி, எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்டால் நிற்காது. அதனால்தான் ரேட்டிங் மேலிருந்து ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்கும், ஒரு கட்டத்தில் நாலைந்து படி ஒரே தாவலாக விழும்.

"சிலர் கொடுத்துவிட்டார்கள்" என்றால் சிலர் கொடுக்கவில்லை. ஒன்பது மாதத்தில் அது என்ன ஆனது? கம்பெனியின் பத்திரங்கள் பட்டியலிடப்பட்டவை என்றால் காலாண்டு முடிவுகள் பி.எஸ்.இ. தளத்தில் இருக்கும். அடிக்குறிப்புகளில் இந்த விலக்குப் பற்றி ஒரு பத்தி கண்டிப்பாக வந்திருக்க வேண்டும்.

மேற்கு மாம்பலம் ஜெயந்தி

ரிசர்வ் வங்கியின் ஃப்ளோட்டிங் ரேட் பாண்டு 8.05 சதவீதம் இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

திருவான்மியூர் சேகர்

நல்ல கேள்வி, ஒப்பீடே மாறிவிடுகிறது. கொடுப்பது மத்திய அரசு என்பதால் கவிழும் பேச்சு இல்லை. எஃப்.டி.யை விட்டுவிட்டு இதோடு ஒப்பிட்டால் கூடுதல் 2.7 சதவீதம்தான். அப்போது எல்லைக்கோடு 30-க்கு 1. இன்னும் இறுக்கமான கணக்கு. ஆனால் 7 வருடம் பூட்டு, 60 முதல் 70 வயதுக்காரர்களுக்கு 6 வருடம் கழித்து அபராதத்தோடு வெளியே வரலாம். வட்டி ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான், தேசிய சேமிப்புப் பத்திரத்தின் வட்டியை ஒட்டி அதுவும் மாறும். உங்கள் மண்டப அட்வான்ஸ் பிரச்சினை இதிலும் உண்டு.

அண்ணா நகர் பாலா

எல்லாம் சரி சார், இப்படிப் பார்த்தால் டிரிபிள் ஏ-யும் ஆகாது, சிங்கிள் ஏ-யும் ஆகாது. எட்டு லட்சத்தில் ஒரு லட்சம் மட்டும், வேறு வேறு தொழிலில் இருக்கும் கம்பெனிகளில் பத்துப் பத்தாயிரமாகப் போட்டால்? முகமதிப்பு 10,000 பத்திரங்கள் இப்போது கிடைக்கின்றனவே. நான் அதைத்தான் செய்யப் போகிறேன்.

திருவான்மியூர் சேகர்

அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பத்து அறிக்கைகளையும் ஒவ்வொரு காலாண்டும் படிக்கப் பொறுமை இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் அதைப் படிப்பதற்காகச் சம்பளம் வாங்குபவரிடம், அதாவது கடன் ஃபண்டில், கொடுப்பது மேல் என்பது என் கட்சி. அங்கேயும் 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஃபண்ட் நிறுவனத்தார் ஆறு திட்டங்களை ஒரே நாளில் மூடினார்கள், அது தெரிந்துதான் சொல்கிறேன்.

பெரம்பூர் கலா

பி.எஸ்.இ. தளத்தில் கடைசிக் காலாண்டைப் பார்த்தோம். அடிக்குறிப்பு ஏழில் இருக்கிறது. விலக்கு கிடைக்காத கடன்களின் மொத்தத் தொகை போட்டிருக்கிறார்கள், கையிருப்பு ரொக்கத்தைவிட அது அதிகம். "இதுவரை யாரும் முன்கூட்டித் திருப்பிக் கேட்கவில்லை" என்று நிர்வாகம் எழுதியிருக்கிறது. அண்ணன் மகன் இப்போது பேச்சை மாற்றி நகைக்கடன் கம்பெனி ஒன்று காட்டுகிறான். டபுள் ஏ மைனஸ், 9.4 சதவீதம். எஃப்.டி.யை இந்த முறை ஒரு வருடத்துக்கு மட்டும் நீட்டிக்கப் போகிறேன். சேகர் சார், இந்த நகைக்கடன் கம்பெனிக்கும் அதே மாதிரி அறிக்கை எடுத்துப் போட்டால் பார்ப்பீர்களா?

திருவான்மியூர் சேகர்

போடுங்கள். அதில் தங்கத்தின் மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் கொடுத்திருக்கிறார்கள், ஏலத்துக்குப் போனது எவ்வளவு என்ற இரண்டையும் தேடி எடுத்து வையுங்கள்.

குரோம்பேட்டை மணி

அப்போ என் சிபில் ஸ்கோருக்கு இதில் எந்த வேலையும் இல்லையா?